காணாமல் போன காலண்டர் ஃபோல்டரும் கோமுவும்

கம்ப்யூட்டரில் ஏதாவது கட்டம் தோன்றி இங்கிலீஷில் நாலு வரி எழுதினால், நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? படிக்காமல் ஓகேயை அமுக்குவார்கள். எங்கள் அச்சகத்தில் அதைப் படித்துவிட்டு அமுக்கும் ஒரே ஆள் கோமு. அந்த ஒரு குணத்துக்காகத்தான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவளை சர்வர் பொறுப்பில் போட்டார்கள். வேறு படிப்பு, பட்டம் எதுவும் காரணமில்லை.

கோமுவுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து டவுனுக்கு பஸ் பிடித்து வருவாள். ரயில் தாமதம் என்றால் எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரு குட்டி நோட்டில் குறித்து வைப்பாள். யாருக்காக என்று கேட்டேன். "பின்னாடி யாராச்சும் கேட்டா சொல்லணும்லா, சார்வாள்" என்றாள். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் சிவசண்முகம். இதே அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறேன். பிழை கண்டால் எனக்குக் கோபம் வரும். மனிதர்களிடம் கண்டால் இன்னும் அதிகமாக வரும். அதனால் யாரையும் எளிதில் பாராட்ட மாட்டேன். கோமுவைப் பாராட்டுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை படம் மாறிப்போனது. மாற்றியது யார் என்று கேட்டால் ஒன்பது பேரும் "நான் இல்லை" என்றார்கள். அதுவரை ஒன்பது பேருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கோமு ஆளுக்கொரு பெயர் கொடுத்தாள். டிசைன் ஃபோல்டர்களின் மேல் ஒரு காவலையும் போட்டாள். யார் எதை மாற்றினாலும், அழித்தாலும் நேரத்தோடு சர்வர் தானாகக் குறித்துக்கொள்ளும். முதலாளி அருணாசலம் அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. "எங் கடைல எம் பிள்ளைகளையே வேவு பாக்கவா?" என்றார். "முதல்லயே போட்டு வச்சாத்தான் குறிக்கும் அண்ணாச்சி. காணாமப் போன பெறவு போட்டா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போட்டேவிட்டாள்.

இந்த வருட ஆயுத பூஜை நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் விஜயதசமி. காலையில் நல்ல நேரம் பார்த்து எல்லாக் கம்ப்யூட்டரையும் திறந்தோம். அடுத்த வருடக் காலண்டர் ஃபோல்டரைக் காணோம். நூற்று நாற்பது கடைகளுக்கான டிசைன் அதில் இருந்தது.

பெயரைப் போட்டுத் தேடினோம். வரவில்லை. உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கோ ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான் பெயர். எங்கள் சர்வரில் ஒன்று என்று தேடினால் ஊரே வந்து நிற்கும். ஃபோல்டர்களை வரிசையாகப் பார்க்கலாம் என்றால், 'நியூ ஃபோல்டர் 14', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்', 'ஏஏஏ' என்று நானூறு இருக்கிறது. பெயர் வைக்கத் தெரியாத கூட்டம். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"சனிக்கிழமை எடுத்த நகல் இருக்கு. நாலு நாள் வேலைதான் போகும்" என்றாள் கோமு.

அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் வினோலியா மேல் இருந்தது. மணப்பாட்டுப் பிள்ளை, காலண்டர் முழுக்க அவள் கைவேலை. போன வாரம்தான் தூத்துக்குடியில் ஒரு ஸ்டூடியோக்காரன் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தான். அதை அவளே வெள்ளந்தியாக எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

"கோமு, உன் வேவுக்காரன் என்ன சொல்லுதான், பாரு" என்றார்.

கோமு பதிவைத் திறந்தாள். பின்னால் எல்லாரும் கூடிவிட்டோம். பிச்சைக்கண்ணு முன்னால் முண்டிக்கொண்டு நின்றான். அச்சுக்குப் பிளேட் போடுகிறவன். குலசை தசராவுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்து மாலை போட்டிருந்தான், அன்று ராத்திரி சூரசம்ஹாரத்துக்குக் கிளம்ப வேண்டும். அவன் வேஷம் இன்ஸ்பெக்டர். தொப்பி, லத்தி, கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுக்கொண்டே வேலைக்கு வந்திருந்தான். தசரா வேஷத்தை யார் என்ன சொல்ல முடியும்?

பூஜையன்று யாரும் வேலை செய்யவில்லை என்பதால் பதிவில் வரிகள் குறைவு. காலண்டர் ஃபோல்டரின் பெயர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. காலை பதினொன்று நாற்பத்திரண்டு. கணக்கின் பெயர் வினோலியா. கேட்ட உரிமை: டெலீட். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று இன்னொரு பதிவில் பார்த்தாள். அதுவும் வினோலியாவுடையதுதான்.

வினோலியாவின் முகம் வெளுத்துப் போனது. "நான் அப்ப இங்கனயே இல்ல அக்கா. சாம்பிராணிக்குக் கரி வாங்க டீக்கடைக்குப் போயிருந்தேன்."

"சாட்சி உண்டா?" என்றான் பிச்சைக்கண்ணு, லத்தியைத் தட்டி.

"ஏலே, சும்மா கெட" என்றேன்.

அண்ணாச்சி சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய் நின்றார். "சோறு போடுத தொழில்ல கை வச்சவ எவளா இருந்தாலும் இன்னிக்கே கிளம்பிரணும். ஆத்தா மேல சத்தியம்" என்றார். வினோலியா தன் மேசைக்குப் போய் டிபன் டப்பா, குடை, மாதா படம் எல்லாவற்றையும் எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். அவள் வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம். 'திருட்டுப் பட்டத்தோடு போனவள்' என்றால் தூத்துக்குடிக்காரனும் எடுக்க மாட்டான்.

கோமு மட்டும் இன்னும் படித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணாச்சி, இதுல ஒரே வரிதான் இருக்கு."

"ஒரு வரி போதாதாக்கும்?"

"உள்ள ஆயிரத்து முந்நூறு ஃபைல் இருக்கு. ஃபோல்டரை அழிச்சா ஒவ்வொண்ணும் அழியும், ஒவ்வொண்ணுக்கும் வரி வரும். அழிஞ்சு முடிஞ்சதும் 'அழிஞ்சாச்சு'ன்னு தனியா வேற ஒரு வரியும் வரும். ரெண்டும் இல்ல. அழிக்க உரிமை மட்டும் கேட்டிருக்கு. பேரை மாத்தினாலும், இடத்தை மாத்தினாலும் விண்டோஸ் இதே உரிமையைத்தான் கேக்கும். ஃபோல்டர் அழியல. எங்கயோ வேற பேர்ல கெடக்கு."

பெயர் மாறினாலும் பிறந்த தேதி மாறாதாம். ஃபோல்டரை உருவாக்கியது கோமுதான். ஆடிப்பெருக்கன்று செய்தது அவளுக்கு நினைவிருந்தது. நானூறையும் உருவான தேதிப்படி வரிசைப்படுத்தினாள். ஆடிப்பெருக்கு தேதிக்கு நேரே 'ggggggggg' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. திறந்தால் நூற்று நாற்பது கடையும் உள்ளே பத்திரமாக இருக்கிறது.

அண்ணாச்சி மூச்சு விட்டார். உடனே கோபமும் திரும்பி வந்தது. "அப்ப வேணும்னே பேரை மாத்தி ஒளிச்சு வச்சிருக்கா. அது இன்னும் மோசம்லா."

கோமு எழுந்து வினோலியாவின் கீபோர்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு மற்ற எட்டையும் போய்ப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனப் பொட்டு மூன்று. மேலே எஃப் டூ. நடுவே ஜி. ஓரத்தில் எண்டர். ஒன்பது கீபோர்டிலும் ரப்பர் ஸ்டாம்பு போட்டது மாதிரி அதே மூன்று இடம்.

பொட்டு வைக்கும் உரிமையை அண்ணாச்சி யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. மிஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரை அவர் கைதான். குங்குமம் எழுத்துக் கட்டைகளின் இடுக்கில் கொட்டுகிறது என்று கோமு கெஞ்சியதால் கீபோர்டுக்குச் சந்தனம் மட்டும்.

கோமு வினோலியாவிடம் திரும்பினாள். "நேத்து நீ கடைசியா என்ன செஞ்ச?"

"பூஜைக்கு சரஸ்வதி படம் பிரிண்ட் எடுக்கச் சொன்னாக. காலண்டர் ஃபோல்டர்ல இருந்து எடுத்தேன். வெளிய வந்தேன். உடனே கரி வாங்கச் சொன்னாக, அப்படியே போட்டுட்டு ஓடினேன்."

"ஃபோல்டரை விட்டு வெளிய வந்தா அது தேர்வாகியே நிக்கும். அவ மிஷினு மட்டுந்தான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு" என்றாள் கோமு எங்களிடம். பிறகு அந்த மிஷினிலேயே 'சோதனை' என்று புதிதாக ஒரு ஃபோல்டர் செய்து, அதைத் தேர்வு செய்து வைத்தாள். "அண்ணாச்சி, நேத்து பொட்டு எப்படி வச்சீக? ஒருக்க காட்டுங்களேன்."

அண்ணாச்சிக்குப் பெருமை. வேட்டியை இறுக்கிக்கொண்டார். "சந்தனம்னா பைய வைக்கக் கூடாது. அழுத்தி வைக்கணும், அப்பத்தான் பிடிக்கும்." கட்டைவிரலால் மேலே ஒரு அழுத்து. நடுவே கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, நீளமாக ஒரு அழுத்து. ஓரத்தில் பெரிய கட்டையில் ஒரு அழுத்து.

கண்ணைத் திறந்தார். திரையில் 'சோதனை'யைக் காணோம். அந்த இடத்தில் 'ggggggggggg' இருந்தது. எஃப் டூதான் பெயரை மாற்றும் கட்டையாம்.

பிச்சைக்கண்ணு கூலிங் கிளாஸைக் கழற்றினான். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணாச்சி திரையைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு, "ஆத்தாளே வந்து பேரை மாத்தியிருக்கா போல" என்றார்.

"ஆத்தாளுக்கு நான் லாகின் குடுக்கல அண்ணாச்சி" என்றாள் கோமு.

அதற்கு மேல் யாராலும் அடக்க முடியவில்லை. ஆனால் வினோலியா சிரிக்கவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. "அக்கா, அதுல எம் பேரு இருக்கே. நாளைக்கு வேற யாராச்சும் பாத்தா நான்தான்னு நெனைப்பாகல்லா?"

அண்ணாச்சி கோமுவிடம் தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "அந்த வரியை அழிச்சிரேன்."

"ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது. மொத்தமா அழிக்கலாம். அழிச்சா, அழிச்சது யாருன்னு புதுசா ஒரு வரி வந்து உக்காரும்."

"யாரு பேரு வரும்?"

"எம் பேரு."

அண்ணாச்சி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை, பேனாவால் எழுதினார். 'காலண்டர் ஃபோல்டர் பெயரை மாற்றியது நான். வினோலியா அல்ல. அவளைச் சந்தேகப்பட்டதும் நான்தான். மன்னிக்கவும்.' கையெழுத்துப் போட்டு வினோலியாவிடம் நீட்டினார். முப்பது வருடத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்ததில்லை.

வினோலியா இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேதி போடலையே அண்ணாச்சி" என்றாள்.

வாங்கிப் பூஜை நாள் தேதியைப் போட்டார்.

"நேரமும் போட்டிருங்க" என்றாள் கோமு. "பதினொண்ணு நாப்பத்திரெண்டு."