நாற்பத்தோரு முறை கொடுத்த ரத்தம்

என் தம்பி குமரகுரு நாற்பத்தோரு முறை ரத்தம் கொடுத்தவன். முதல் முறை கொடுத்தது 2012 ஆகஸ்டில், அவனுடைய இருபத்தாறாவது வயதில். சேலம் ரோட்டில் லாரி மோதி அடிபட்ட ஒருவருக்காகக் கொடுத்தான். அந்த ஆள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பிழைத்துக்கொண்டார் என்று மட்டும் சொன்னார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, "அக்கா, நல்லாத்தான் இருக்குது. மூணு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கலாமாமா" என்றான். சொன்னபடியே செய்தான்.

அவன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். குழாயை இறக்குவதும் ஏற்றுவதும் அவன் கையில்தான். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆனால் பாறை மாறுவதை மிஷின் சத்தத்திலேயே சொல்லிவிடுவான். மல்லசமுத்திரத்தில் எங்கள் தெருவில் மட்டும் ரிக்குக்குப் போகிறவர்கள் ஒன்பது பேர். அதில் குடிக்காதவன் இவன் ஒருத்தன்தான் என்று நான் சொல்லிக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

லீவுக்கு வரும்போதெல்லாம் நாமக்கல்லில் ஒரு ரத்த வங்கிக்குப் போவான். அங்கே சரவணமுத்து என்று ஒரு டெக்னீஷியன். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடிக் குடுவையில் இருக்கும் நீலத் தண்ணீரில் விடுவார். சொட்டு மூழ்கினால் உடம்பில் ரத்தம் போதுமான அளவு இருக்கிறது, கொடுக்கலாம். மிதந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன்.

"உங்க சொட்டு எறங்கறதே கண்ணுக்குத் தெரியறதில்லீங்க. உட்ட ஒடனே அடியில கெடக்குது" என்றார் சரவணமுத்து.

"தண்ணி கலக்காத பால்காரனுங்க நானு" என்றான் இவன்.

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் தலைபாரம் போய்விடுகிறது, கண் தெளிவாக இருக்கிறது என்பான். கொடுத்த புண்ணியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். இன்னொன்றும் உண்டு. சுடுதண்ணீரில் குளித்து வந்தால் அரை மணி நேரம் உடம்பு முழுக்க அரிக்கும். தடிப்பு எதுவும் இருக்காது. அவன் மனைவி ஜோதி மூன்று சோப்பு மாற்றிப் பார்த்தாள்.

2024 ஜூலை பதினான்காம் தேதி நாற்பத்தோராவது முறை கொடுத்தான். அந்த வாரமே வண்டி சத்தீஸ்கருக்குப் புறப்பட்டது. கர்நாடகாவில் ஓடிய வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுவான். அந்தத் தடவை எட்டு மாதம் வரவில்லை.

மார்ச்சில் வந்து இறங்கியவனைப் பார்த்து ஜோதி வாசலிலேயே நின்றுவிட்டாள். கையும் தோளும் இளைத்திருந்தன. வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. ஒரு மாதமாக வலது விலாவுக்குக் கீழே வலி என்றான்.

பக்கத்து ஊர் டாக்டர் ஒருவரிடம் போனோம். வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "என்ன வேலை?" என்றார். "ரிக்குங்க" என்றான். அடுத்த கேள்வி, "எத்தன வருசமாக் குடிக்கற?" என்பதுதான்.

"குடிக்கறதில்லீங்க."

"இங்க வர்ற எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார். நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடியை விடாவிட்டால் ஆறு மாதம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும், "எட்டு மாசம் கண்ணுக்கு மறைவா இருந்தீங்க. எனக்கென்ன தெரியும்?" என்றாள் ஜோதி. நானும் அப்போது தம்பியை முழுதாக நம்பவில்லை. அதை எழுதாமல் விடுவது சரியில்லை. வெளியூரில் குடிக்கிறவர்கள் நடுவில் ஒருத்தன் எத்தனை நாள் தனியாக நிற்பான் என்று நினைத்தேன்.

குமரகுரு யாரோடும் வாதாடவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, எங்கள் இரண்டு பேரையும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பூசாரியிடம் தட்டில் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றச் சொன்னான். "ஆத்தா, என்ற நாக்குல சாராயம் பட்டிருந்தா நீ கேளு" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தான். கையில் கொப்புளம் வந்தது.

எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்துப் பொய் சொல்கிற ஆள் கிடையாது. ஜோதி அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "குடி இல்லீனா இது வேறென்னமோ அண்ணி. அந்த டாக்டரு மாத்தரையத் தூக்கி எறிங்க. சேலத்துக்குப் போலாம்" என்றாள். அதுவரை நாங்கள் வேறு நோயைத் தேடவே இல்லை.

சேலம் ஆஸ்பத்திரியிலும் முதலில் அதே கேள்விதான். ஆனால் ஜோதி முந்திக்கொண்டாள். "கற்பூரம் அணைச்சிருக்காருங்க சார்." அங்கிருந்த ஈரல் டாக்டர் சிரிக்கவில்லை. அவனுடைய கையைப் பார்த்தார். "சரிம்மா. அப்ப ரத்தக்குழாயப் பாத்துருவோம்" என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் எழுதினார்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. ஈரலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்கு எடுத்துப்போகும் குழாய்கள் மூன்று. மூன்றிலும் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. வெளியே போக வழியில்லாத ரத்தம் ஈரலில் தேங்கி, நீர் வயிற்றில் கசிந்திருந்தது. சீக்கிரம் வழி திறக்காவிட்டால் ஈரல் கெட்டுவிடும், அப்புறம் மாற்று ஈரல்தான் என்றார் டாக்டர். அன்றே ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி போட ஆரம்பித்தார்கள்.

முப்பத்தெட்டு வயது ஆளுக்கு அந்த இடத்தில் ஏன் உறைய வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க ரத்த நோய் டாக்டர் ஜெயப்பிரியா வந்தார். புதன்கிழமைகளில் மட்டும் வருகிறவர். ரத்தப் பரிசோதனைத் தாளை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஹீமோகுளோபின் 15.6. பக்கத்தில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. ரத்தம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

அவர் அந்த எண்ணோடு நிற்கவில்லை. கீழே விரலை ஓட்டிக்கொண்டே போனார்.

"சிவப்பணு எண்ணிக்கை 67 லட்சம். ரொம்ப அதிகம். ஆனா ஒவ்வொண்ணும் சின்னதா இருக்கு, இரும்புச்சத்து இல்லாத ஆளுக்கு இருக்கிற மாதிரி. மண்ணீரல் வீங்கியிருக்கு. மண்ணீரல் வீங்கினா தட்டணு குறையணும். இவருக்கு அஞ்சேகால் லட்சம், அதுவும் அதிகம்." பிறகு தம்பியைப் பார்த்தார். "உங்களுக்கு எங்கயாவது ரத்தம் போயிட்டிருக்கா? மூலம், வயித்துப்புண்ணு?"

"அதெல்லாம் இல்லீங்க. நானாத்தான் குடுப்பேனுங்க. நாப்பத்தோரு தடவ." படுத்திருந்தவன் அதைச் சொல்லும்போது எழுந்து உட்கார்ந்தான்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "குளிச்சா அரிக்குமா?"

ஜோதி என்னைப் பார்த்தாள். சோப்புக் கதையை நான்தான் சொன்னேன்.

அவர் எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது. போதும் என்றால் அது நிறுத்த வேண்டும். இவனுடைய மஜ்ஜை நிறுத்தாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. ரத்தம் கெட்டியாகிறது, எளிதில் உறைகிறது. சிலருக்கு ஈரல் குழாயில் அடைக்கும், சிலருக்கு மூளைக் குழாயில் அடைத்துத் தலைவலியும் வலிப்புமாக வருவார்கள். அடைப்பு வந்த பிறகுதான் மஜ்ஜையில் கோளாறு இருப்பதே பலருக்குத் தெரியும். இவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தை எடுத்துவிட்டதால் இரும்புச்சத்து தீர்ந்து, ஹீமோகுளோபின் எண் ஏறாமல் இருந்தது. ஈரல் அடைப்பால் உடம்பில் நீர் சேர்ந்து ரத்தத்தை நீர்க்க வைத்தது. இரண்டும் சேர்ந்து நோயை மறைத்துவிட்டன.

"அப்ப ரத்த பேங்கில கண்டுபிடிச்சிருக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அங்க ரத்தம் போதுமான்னுதான் பாப்பாங்க. அதிகமான்னு பாக்கறதில்ல. அவங்க மேல தப்பில்ல."

ரத்தத்தில் 'ஜாக் டூ' என்று ஒரு மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையும் எடுத்தார்கள். இதற்கிடையே கழுத்துக் குழாய் வழியாகக் கம்பி விட்டு, ஈரலின் ஒரு குழாயைத் திறந்து உள்ளே வலைக்குழாய் வைத்தார்கள். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மூன்றில் ஒன்று திறந்தாலே ஈரல் பிழைக்கும் என்றார்கள். நாலாம் நாளிலிருந்து வயிறு குறைய ஆரம்பித்தது.

பதினோராம் நாள் ஜாக் டூ முடிவு வந்தது. கோளாறு இருக்கிறது. பாலிசைத்தீமியா வேரா என்று பெயர் எழுதிக் கொடுத்தார். பிறவியில் வந்தது இல்லை, நடுவில் மஜ்ஜையில் நேர்ந்த பிழை, பிள்ளைகளுக்குப் போகும் என்று பயப்பட வேண்டாம் என்றார். தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார்.

குமரகுரு அதையெல்லாம் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. அவனுக்கு வேறு கவலை.

"அம்மா, நான் குடுத்த நாப்பத்தோரு பேருக்கும் இது வந்திருக்குமுங்களா?"

ஜெயப்பிரியா அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நீங்க குடுத்த சிவப்பணு அவங்க உடம்புல மூணு நாலு மாசம் வேலை செஞ்சிட்டு அழிஞ்சிரும். அது மஜ்ஜையில போயி உக்காராது. ரத்தம் ஏத்திக்கிட்டதால இந்த நோய் வந்ததா இதுவரைக்கும் எங்கயும் பதிவே இல்லீங்க. அவங்க பொழைச்சாங்க, அவ்வளவுதான். ஆனா இனிமே குடுக்கக் கூடாது."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஜோதி, "வயிறு எளச்சதுக்கு ஒருத்தரும் இப்பிடி மொகத்தத் தொங்கப்போட்டுப் பாத்ததில்ல" என்றாள்.

இப்போது ஒரு வருஷம் முடிந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, மஜ்ஜையை அடக்க ஒரு மாத்திரை. கீரை அந்த முதல் மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று சாப்பிடக் கூடாது. அளவாக ஒரே மாதிரி சாப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கிறோம். அடிபட்டால் ரத்தம் நிற்காது என்பதால் டிரில்லர் வேலை போயிற்று. திருச்செங்கோட்டில் ரிக் பட்டறையில் மிஷின் சத்தம் கேட்டுப் பழுது சொல்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். அவனை விட்டால் அதற்கு ஆள் இல்லை என்று முதலாளியே என்னிடம் சொன்னார்.

உடம்பில் சேர்ந்த நீர் வற்றி, தீர்ந்த இரும்புச்சத்தும் மெல்லச் சேர்ந்ததும் மறைந்திருந்தது வெளியே வந்தது. இந்த ஜூனில் ஹீமோகுளோபின் 17.4. ரத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்றார் ஜெயப்பிரியா. அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நாமக்கல் ரத்த வங்கிக்குப் போனோம். சரவணமுத்து சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். அதே கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

பை நிறைந்ததும் அதன் மேல் 'அழிக்க' என்று ஒரு சீட்டை ஒட்டினார். தம்பி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தருக்கும் ஆவாதுங்களா?"

"ஆவாதுங்க."

"கொட்டீருவீங்களா?"

"எரிச்சுருவோமுங்க. நீங்க நல்லா இருக்கோணும்னுதானுங்க எடுக்கறது."

கையை மடித்து வைத்துக்கொண்டான். பிறகு, "அப்ப பிஸ்கட்டும் ஜூஸும் உண்டா, அதுவும் கெடையாதா?" என்றான்.

"அதெல்லாம் உண்டுங்க."

"அப்பச் செரி."

இரண்டு பாக்கெட் பிஸ்கட் சாப்பிட்டான். பஸ்ஸில் வரும்போது, தலை லேசாக இருக்கிறது என்றான். போன மாத ஸ்கேனில் வலைக்குழாய் வழியாக ரத்தம் நன்றாக ஓடுவது தெரிந்தது. அடுத்த முறை எடுக்க வேண்டிய தேதி ஆகஸ்ட் இருபத்தொன்று. அன்றைக்குப் பட்டறையில் லீவு சொல்லிவிட்டான்.