அப்பாவின் பெயரை எடுத்த கடிதம்

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், வருஷத்துக்கு ஒரு தடவை எச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு மெயில் வரும். கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம், பெற்றோரைச் சேர்க்க விரும்புபவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுதித் தாருங்கள், அவர்களுக்கான பிரீமியம் உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று இருக்கும். ஆறு வருஷமாக அதைத் திறந்து பார்த்து, 'சம்பளத்தில் பிடிக்கப்படும்' என்ற இடத்துக்கு வந்ததும் மூடிவிடுவேன். நம்ம அப்பாவுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எம்புட்டு பெரிய புத்திசாலி நான்!

இந்த வருஷம் அப்பாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். வாழ்நாளெல்லாம் பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர், வருஷத்துக்கு ரெண்டு முறையாவது அங்கே படுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் எங்களிடமிருந்த அரசு காப்பீட்டு அட்டை செல்லாது. மெயில் வந்த அன்றைக்கே கடிதம் எழுதினேன். 'என் பெற்றோர் இருவரையும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' இருவரின் ஆதார் நகலையும் இணைத்து மாடிக்குப் போய்க் கொடுத்தேன்.

எச்.ஆரில் இருப்பது சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு பெண். ஆதாரைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"சார், அப்பாவுக்கு எண்பத்தொண்ணு ஆகுது. புதுசா சேர்க்க எண்பது வரைக்குந்தான் சார்."

அப்பாவுக்கு எழுபத்தைந்துதான். பன்னிரண்டு வயதில் ஆலையில் சேர்ந்தபோது, பதினெட்டு ஆகாதவனை எடுக்கக் கூடாது என்பதால், நெடுநெடுவென்று வளர்ந்திருந்த அவர் பதினெட்டு என்று சொல்ல, ஃபோர்மேனும் அப்படியே பதிந்துகொண்டார். எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் இப்படி வயசைக் கூட்டாத வீடு அபூர்வம். பள்ளிக்கூடம் பக்கமே போகாத அப்பாவுக்கு அந்த ஆலைப் பதிவுதான் முதல் காகிதம். அதை வைத்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டை வைத்து வாக்காளர் அட்டை, கடைசியில் ஆதார்.

இதையெல்லாம் சொன்னேன். குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் பதில் வந்தது. பிறப்புச் சான்று கொடுத்து ஆதாரைத் திருத்தினால் பார்க்கலாம், இல்லையென்றால் முடியாது. இல்லாத சான்றுக்கு எங்கே போவது? ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்களை எண்பது தாண்டினாலும் வெளியே தள்ள மாட்டார்களாம். போன வருஷம் ஆதார்ப்படி எண்பது. அப்போது எழுதியிருந்தால் உள்ளே இருந்திருப்பார். அதை அவள் சொல்லவில்லை, பாலிசித் தாளில் நானே வாசித்தேன். வாசித்துவிட்டு கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என் மேல்தான் தப்பு என்றும் சொன்னேன். அவர் மூச்சு திரும்பும்வரை காத்திருந்து பேசினார்.

"வயசைக் கூட்டிச் சொன்னது நாந்தானய்யா. அதுலதான் எங்க வீட்ல அடுப்பெரிஞ்சுச்சு. இப்ப அதைக் கொற சொல்ல முடியுமா? நீ எம்பேரை எடுத்துரு. ரெண்டு பேரையும் கேக்கப்போயி ஒங்கம்மாளையும் வேண்டாம்னுறப் போறாக."

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, முட்டுவலி இருக்கிறது. ஏற்கெனவே இருக்கும் நோயெல்லாம் முதல் நாளிலிருந்தே இந்தக் காப்பீட்டில் வரும். அம்மாவுக்கு எழுபதுதான். அவள் வயசை யாரும் எங்கும் கூட்டவில்லை.

மறுநாள் கடிதத்தை மாற்றினேன். 'பெற்றோர் இருவரையும்' இருந்த இடத்தில் 'தாயாரை மட்டும்' என்று போட்டேன். இரண்டு சொல்லை அடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கடைசி நாள் என்பதால், என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தே அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அம்மாவின் பெயர், பிறந்த தேதி, உறவு எல்லாம் ஏறியது. பெற்றோரில் ஒருவரை மட்டும் சேர்த்தால் மற்றவரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கும் கட்டம் அடுத்து வந்தது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. மூன்றே பதில்கள் இருந்தன: உயிருடன் இல்லை, வேறு காப்பீடு உள்ளது, ஊழியருக்கு விருப்பமில்லை.

"வயசு அதிகம்னு ஒண்ணு இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்," என்றாள். மௌஸை என் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவதை அழுத்தினேன்.