செங்கல் நிறக் கோட்

அந்தப் பைக்குள் கையை விட்ட பிறகுதான் அது தன்னுடைய கோட் இல்லை என்று அனார்குலுக்குத் தெரிந்தது. விரல்களில் ஏதோ ஈரமாக ஒட்டியது. மூக்குச் சிந்திய காகிதம், அதன் நடுவே யாரோ மென்று துப்பிய சூயிங்கம். குமட்டிக்கொண்டு வந்தது. நடுத்தெருவில் நின்று, கையை உதறிக்கொண்டே, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த உணவகத்துக்குத் திரும்பினாள்.

கோட் மாட்டும் கம்பியில் வரிசையாகத் தொங்கியவை எல்லாம் கறுப்பு. பிஷ்கெக் நகரத்தின் குளிர்காலத்தில் பாதி ஊர் அப்படித்தான் நடமாடும். நிலக்கரிப் புகைக்கும் பேருந்துச் சேற்றுக்கும் கறுப்புதான் தாங்கும் என்பார்கள். அவளும் அப்படி நினைத்துத்தான் முப்பத்தெட்டு வயதுவரை வாங்கிக் குவித்திருந்தாள். கறுப்புப் பாவாடை, சாம்பல் ஜாக்கெட், கருநீல கால்சட்டை. வீட்டு நடையில் எல்லோருக்கும் பொதுவான அலமாரியைத் திறந்தால், தன் துணி எது, நாத்தனார் துணி எது என்று தடவிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் மங்கிய விளக்கில் இரண்டும் கறுப்பு என்று நம்பி, கறுப்புப் பாவாடைக்குக் கருநீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டும் வேறு வேறாகப் பல்லை இளித்தன.

அவள் பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்பவள். பக்கத்து மேசையில் அய்ஸாதா. அனார்குலை அக்கா என்ற மரியாதையோடு ‘எஜே’ என்று கூப்பிடும் சின்னப் பெண். இங்கே வருவதற்கு முன் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள்.

“எஜே, ஒங்க பேருக்கு அர்த்தம் மாதுளம்பூ. ஆளப் பாத்தா கரி மூட்டை.”

“சிரி, சிரி. இன்னிக்கு ஊரான் மூக்குச்சளியத் தொட்டுட்டு வந்திருக்கேன். எனக்கு என் அலமாரியப் பாத்தாலே வாந்தி வருது.”

அன்று சாயங்காலமே அனார்குல் சந்தைக்குப் போனாள். கப்பலில் வரும் இரும்புச் சரக்குப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைகளாக்கிய பெரிய சந்தை அது. ஒரு பெட்டிக்குள் மஞ்சள் விளக்கின் கீழ் ரோஸ் நிறச் சால்வை ஒன்று அழகாகச் சிரித்தது. வாங்கிக் கட்டிக்கொண்டு மறுநாள் அலுவலகத்துக்கு வந்தாள். கழிவறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. முகம் காமாலை பிடித்ததுபோல் மஞ்சளாக இருந்தது. சால்வை மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

“வெளக்கு வெளிச்சத்துல பாத்து வாங்கினா இப்படித்தான்” என்றாள் அய்ஸாதா. “துணிய வாசலுக்குக் கொண்டு வாங்க. பகல் வெளிச்சத்துல தாடைக்குக் கீழ புடிங்க. மொதல்ல ஒங்க மொகம் தெரிஞ்சா வாங்குங்க. மொதல்ல துணி தெரிஞ்சா திருப்பிக் குடுத்துடுங்க.”

“அப்புறம்?”

“ஒரே நாள்ல மயிலாக வேணாம். ஒரு நெறத்த எடுங்க. ஒங்ககிட்ட இருக்கற மூணோடயும் சண்டை போடாம நிக்கற நெறம். அத கொஞ்சங் கொஞ்சமா உள்ள விடுங்க.”

வாசல் வெளிச்சத்தில் பல துணிகளைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்து இருவரும் தேர்ந்தெடுத்தது செங்கல் நிறம். கருநீலத்தோடு சேர்ந்தால் கதகதப்பாக இருந்தது. சாம்பலுக்கு உயிர் கொடுத்தது. கறுப்புக்குப் பக்கத்திலும் அலறவில்லை. முதலில் கையுறை மட்டும் வாங்கினாள். முகத்துக்குத் தூரமாக இருப்பதால் பயமில்லை. பிறகு ஒரு கழுத்துத்துணி. அதன் அடித்தளம் கருநீலம், மேலே செங்கல் நிறப் பூக்கள். பழைய நிறமும் புதிய நிறமும் ஒரே துணியில் இருந்ததால் எந்த உடையோடும் அது ஒட்டிக்கொண்டது. அதற்கும் பிறகுதான் கம்பளிச் சட்டை.

இத்தனையும் வாங்கினாளே தவிர, கையுறையைத் தெருமுனை தாண்டித்தான் மாட்டுவாள். கழுத்துத்துணியைக் கோட்டுக்குள் திணித்து மேல்பொத்தான் வரைக்கும் போட்டுவிடுவாள். கம்பளிச் சட்டைக்கு மேல் சாம்பல் ஜாக்கெட். வீட்டில் நாத்தனார் உல்கானின் வாய்க்குப் பயம். கணவனின் அக்கா. கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். ஊரில் யார் என்ன உடுத்தினாலும் உல்கானிடம் அதற்கு ஒரு சொல் இருக்கும்.

கடைசியாக வாங்கியதுதான் கோட். செங்கல் நிறம், முழங்கால் வரை நீளம், தோளில் அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது. கடைக்காரி அதைப் போட்டுவிட்டபோது அனார்குலுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவனின் தம்பிக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். தோக்மோக் என்ற ஊரில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போகும் நாளில்தான் அதை முதன்முதலாகப் போடவேண்டும், எல்லோரும் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தாள். அதுவரை விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல், உறையோடு அலமாரியின் ஓரத்தில் தொங்கவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. காலையில் அலமாரியைத் திறந்தாள். உறை இல்லை. கோட்டும் இல்லை.

“குபாத்! என் கோட் எங்க?”

கணவன் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான். “அந்தா தொங்குதே, கறுப்பு.”

“புதுசு. உறை போட்டது.”

“அக்கா விடியறதுக்கு முன்னாடியே சீர் மூட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு முதல் வண்டில போயிட்டாங்க. அதுல இருக்கும்.”

சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது அவர்கள் பக்கத்து ஒவ்வொருவருக்கும் புது உடை கொண்டுபோய்த் தோளில் போர்த்துவது இங்கே வழக்கம். விலைச்சீட்டு கிழியாத துணி எந்த அலமாரியில் இருந்தாலும் அது சீர்ப் பைக்குப் போகப் பிறந்தது என்றுதான் எல்லா வீட்டிலும் நினைப்பார்கள். எத்தனையோ கோட்டுகள் யார் உடம்பிலும் ஏறாமல் ஒரு வீட்டுப் பையிலிருந்து இன்னொரு வீட்டுப் பைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்த வண்டியில் அவளும் குபாத்தும் தோக்மோக்குக்குக் கிளம்பினார்கள். மூட்டையைப் பிரிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்தாள். புகை மண்டிய சாலையில் வண்டி ஊர்ந்தது.

பெண் வீட்டு நடையில் உல்கானைப் பிடித்துவிட்டாள். மூட்டைகள் இன்னும் கட்டுப் பிரியவில்லை.

“அக்கா, அந்த உறை போட்ட கோட் என்னோடது.”

“எது?”

“செங்கல் கலரு.”

உல்கான் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஒன்னோடதா? நீ போடறதுக்கா? ஏன்டி, காலங்காத்தால என்ன வெளாட்டு?”

“வெளாட்டு இல்ல அக்கா. நான்தான் வாங்கினேன். எனக்குத்தான்.”

“ஒன்ன நான் எத்தன வருஷமா பாக்கறேன்? ஒருநாளாச்சும் கலரு போட்டிருக்கியா? சம்பந்தியம்மாவுக்கு நான் எடுத்து வெச்சது சாயம் போன சால்வை. இத பாத்தேன், சரி, குபாத் சொல்லி நீதான் சீருக்கு வாங்கி வெச்சிருக்கேன்னு மேல வெச்சேன். இப்ப அத எடுத்தா சம்பந்தியம்மாவுக்குப் போர்த்த என்ன இருக்கு? ஒன் கறுப்புக் கோட்டா?”

அனார்குல் குனிந்து தன்னைப் பார்த்தாள். தாடைவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட். கழுத்துத்துணியின் ஒரு இழைகூட வெளியே தெரியவில்லை. கையுறைகள் பைக்குள். இந்த உடம்பில் நிறம் இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உல்கானைவிடத் தன்மேல்தான் அவளுக்கு அதிக அருவருப்பு வந்தது. திருடியதை ஒளிப்பதுபோல் தன் காசில் வாங்கியதை ஒளித்திருக்கிறாள்.

கோட்டையும் கழுத்துத்துணியையும் நடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே விரிப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். வேகவைத்த ஆட்டுக்கறியின் ஆவி ஜன்னலில் வழிந்தது. உல்கான் மூட்டையைப் பிரித்தாள். உறையை நீக்கி, செங்கல் நிறக் கோட்டை உதறி, சம்பந்தியம்மாவின் தோளில் போர்த்தினாள். அந்த அம்மாள் பருத்த உடம்புக்காரி. கையை நுழைத்தபோது அக்குள் தையல் முறுக்கிக்கொண்டு சத்தமிட்டது. பொத்தான்களால் துளைகளை எட்டிப்பார்க்கக்கூட முடியவில்லை.

“அய்யோ, எவ்வளவு அழகு! மகராசியா இருங்க!” என்று கூட்டம் வாழ்த்தியது.

அடுத்து ஆட்டு ஈரலும் ஆட்டின் வால்கொழுப்பும் வந்தன. சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் கையால் ஊட்டிவிட்டால்தான் உறவு உறுதி. உல்கான் ஒரு வெள்ளைக் கொழுப்புத் துண்டை அந்த அம்மாளின் வாயில் திணித்தாள். அவள் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஊட்டினாள். கொழுப்பு அவள் விரலிலிருந்து மணிக்கட்டுக்கு வழிந்து, அங்கிருந்து கோட்டின் கைமடிப்பில் இறங்கியது. கவனிக்காமலே அவள் வாயை அந்தக் கைமடிப்பால் துடைத்துக்கொண்டாள். செங்கல் நிறத்தில் கறுப்பாக ஒரு கறை பரவியது.

அனார்குலுக்கும் ஒருத்தி ஒரு துண்டு ஊட்டினாள். மெல்லாமல் விழுங்கினாள்.

பிறகு பெண் வீட்டாரின் முறை. சம்பந்தியம்மா ஒரு துணிப்பொட்டலத்தை அனார்குலின் மடியில் வைத்தாள். அனார்குல் பிரித்தாள். உடை தைப்பதற்கான துணி. கருநீலம்.

“உல்கான்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்மா. ஒனக்கு இதுதான் புடிக்கும்னு சொன்னா.”

அனார்குல் துணியைப் பார்த்தாள். அறை கொதித்தது. அவள் சாம்பல் ஜாக்கெட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். கழற்றி, மடித்து, முதுகுக்குப் பின்னால் வைத்தாள். உள்ளே இருந்த செங்கல் நிறக் கம்பளிச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

விரிப்பின் எதிர்ப்பக்கம் முதலில் ஒருத்தி பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

“அட! நீயும் நானும் ஒரே கலரு!” என்றாள் சம்பந்தியம்மா. “அப்ப இந்தக் கோட்ட நீதான் எடுத்தியா?”

“ஆமாம்மா. நான்தான் எடுத்தேன்.”

“கண்ணு இருக்கு ஒனக்கு. ஆனா அளவு பாக்கத் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். உல்கான் மட்டும் சிரிக்கவில்லை. சட்டையைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். போர்த்திய உடையைத் திரும்பக் கேட்பது இங்கே யாரும் செய்யாத காரியம். அனார்குலும் கேட்கவில்லை.

கிளம்பும்போது நடையில் கறுப்புக் கோட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அனார்குல் தன்னுடையதைக் கண்டுபிடித்துப் போட்டாள். கழுத்துத்துணியை உள்ளே திணிக்காமல் வெளியே இழுத்து, பூக்கள் தெரிய முடிச்சிட்டாள். வாசலிலேயே கையுறைகளை மாட்டினாள்.

திரும்பும் வண்டியில் உல்கான் கேட்டாள். “சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? போட்டு நடமாடியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?”

“நிஜந்தான். அதுல என் தப்பும் இருக்கு.”

“வேற ஒண்ணு வாங்கிக்க. வெலச்சீட்ட கடையிலயே கிழிச்சிடு.”

“கிழிச்சிடுவேன். போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கே வருவேன்.” கருநீலத் துணிப்பொட்டலத்தை நாத்தனாரின் மடியில் தள்ளினாள். “இது அடுத்த சீர்ப் பைக்கு.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாயில் இன்னும் வால்கொழுப்பின் வழுவழுப்பு போகவில்லை. அந்தக் கைமடிப்பின் கறை கண்ணை விட்டு அகலவில்லை.