நாலும் நாலும் எட்டாகாத போன்

கோடைக்கானல் பக்கம் பூண்டியில் கேரட் மூட்டை ஏற்றும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். வண்டியை நினைத்து இல்லை. பிக்கப் வண்டியின் டயர், பிரேக் எல்லாம் முந்தின நாளே பார்த்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்டியரிங் பிடித்தவன் நான். அன்றிலிருந்து 'இது எத்தனை வருசம் வரும்' என்று கேட்காமல் ஒரு பொருளும் வாங்கியதில்லை. இப்போது பயம் காட்டியது போன்.

கேரட் வாங்கும் கம்பெனி எங்களுக்கு ஓர் ஆப் கொடுத்திருந்தது. தோட்டத்தில் நின்றே மூட்டைகளைப் படம் எடுத்து அதில் பதிய வேண்டும். பதிந்த லோடைத்தான் கோடைக்கானலில் இருக்கிற அவர்கள் கொட்டகையில் இறக்குவார்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் பதியலாம், சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் அதுவே அனுப்பிவிடும். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. ரெண்டு வருசத்தில் அந்த ஆப் எத்தனை தடவை அப்டேட் ஆனதோ, ஒவ்வொரு தடவையும் என் போன் கொஞ்சம் கூடுதலாக முக்கி முனகியது.

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. எனக்கு வழக்கமாக லோடு தரும் தோட்டக்காரியம்மாவின் கேரட் கழுவி, மூட்டை கட்டி, வண்டியில் ஏறிவிட்டது. எடை, தோட்டத்து விவரம் எல்லாம் தட்டிவிட்டு, படம் எடுக்கிற பட்டனை அமுக்கினேன். கேமரா திறந்தது. எடுத்தேன். திரும்பி வந்தால் ஆப் முதல் பக்கத்தில் நின்றது, அப்போதுதான் புதிதாகத் திறந்த மாதிரி. தட்டியதெல்லாம் போச்சு. மறுபடி தட்டினேன். மறுபடி கேமரா. மறுபடி முதல் பக்கம்.

"ஏப்பா, நீ லோடு ஏத்த வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?" என்றார் அந்தம்மா. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சிக்னல் இல்லக்கா."

"சிக்னல் இல்லாமயும் எடுக்கும்னு நீதான சொன்ன? வெரசா கெளம்பு, கேரட்டு நனையுது."

அவர் சொன்னதுதான் சரி. சிக்னல் மேல் பழி போட்டே பல மாதம் ஓட்டியிருந்தேன். வழியில் நாலைந்து இடத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன், ஆகவில்லை. கொட்டகையில் சூப்பர்வைசர் தம்பி தன் போனைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்.

"பதிவு இல்லண்ணே. இறக்க முடியாது."

"கேரட்டு கண்ணு முன்னாடி நிக்குதே தம்பி!"

"எனக்குத் தெரியுது, சிஸ்டத்துக்குத் தெரியலயே. வேற போன் பாருங்க. அடுத்த வாரமும் இப்படின்னா வேற வண்டிக்குச் சொல்லிருவாங்க."

கேரட்டை மண்டியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை. "சரி, வை" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பூண்டி லோடு கையை விட்டுப் போனால் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும்.

அங்கிருந்து நேரே மச்சினன் கடைக்குப் போனேன். என் மனைவியின் தம்பி, கோடைக்கானலிலேயே செல்போன் கடை வைத்திருக்கிறான். அந்தப் போனை எனக்கு விற்றவனும் அவன்தான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் பார்க்கவில்லை. போனை மேசையில் அடித்து வைத்தேன்.

"எத்தன வருசம் வரும்னு கேட்டேன்ல? என்ன சொன்ன?"

"அஞ்சு வருசம்னு சொன்னேன் மாமா. ஏன், ஒடஞ்சிருச்சா?"

"ஆப்பு நிக்கல!"

"அத கேளுங்க. போன் நிக்குது, பேசுது, சார்ஜு ஏறுது. நான் போனுக்குத்தான் அஞ்சு வருசம் சொன்னேன். ஆப்பு எவ்வளவு பெருசாகும்னு நானா சொன்னேன்?"

"டப்பாவுல எட்டு ஜிபி ரேமுன்னு போட்டிருந்துச்சுல்ல மாப்ள?"

அப்போதுதான் அவன் குரல் இறங்கியது. போனில் செட்டிங்சைத் திறந்து காட்டினான். ஆப்புகள் ஓடுகிற இடம்தான் ரேமாம்; அதில் நிஜ ரேம் நாலு. மிச்சம் நாலு, படமும் பாட்டும் சேர்த்து வைக்கிற இடத்தில் ஒரு துண்டை ரேம் மாதிரி கடன் வாங்கியது. அந்த இடம் ரேம் வேகத்துக்குப் பக்கத்திலேயே வராது. நாலில் பாதிக்கு மேல் போன் தனக்கே எடுத்துக்கொள்கிறது. மேப், வாட்ஸ்அப், பெருத்துப்போன கம்பெனி ஆப், இதற்கு மேல் கேமராவும் திறந்தால் இடம் பற்றாது. கேமராவுக்கு இடம் கொடுக்க, போன் பின்னால் இருக்கிற ஆப்பைக் கொன்றுவிடும். அதனால்தான் முதல் பக்கம்.

"படத்தையெல்லாம் அழிச்சேனேடா, எடம் கெடைக்கட்டும்னு!"

"அது வேற எடம் மாமா. அத அழிச்சா ரேம் கூடாது."

"அப்ப ரேம மட்டும் கூட்டிக் குடு."

"போர்டோட ஒட்டியே வருது. கழட்டி மாட்ட முடியாது. வேகத்துக்கு இருக்குற சிப்பும் அப்படித்தான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூண்டியிலிருந்து வருகிற மேட்டுக்கு வண்டியின் முழுச் சக்திக்கும் லோடு ஏற்றுகிற டிரைவர் எவனும் இல்லை. மேடு இழுக்க மிச்சம் வேண்டும், மழைக்கு மிச்சம் வேண்டும். இவர்களோ, நான் வாங்கிய அன்றைக்கே நிரம்பிப்போன வண்டியை, பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியைக் கட்டி, எட்டு என்று எழுதி விற்றிருக்கிறார்கள். ஆப் செய்கிறவன் வருசத்துக்கு வருசம் மேட்டைச் செங்குத்தாக்குகிறான். அவன் கையில் இருக்கிற போன் விலை உயர்ந்தது, அவனுக்கு மேடே தெரியாது. அப்புறம் நான் போய்ப் போன் பழசு என்று வெட்கப்பட வேண்டுமாம். ரெண்டு வருசத்தில் எது பழசாகும்? என் செருப்பு அதைவிட மூத்தது.

"கத்தாதீங்க மாமா, யாவாரம் நடக்குற எடம்" என்றான் மச்சினன். "எனக்கும் டப்பாவுல போட்டதுதான் தெரியும். கம்பெனிக்காரன் வந்து சொல்லிட்டுப் போனதுதான்."

"நீ வாயத் தொறக்காத. எத்தன வருசம்னு மறுபடி சொல்லவும் செய்யாத. போன எடு, நானே பாக்குறேன்."

கடையில் விற்பனைக்குக் காட்டுகிற போன்களில் என் ஆப்பை ஏற்றச் சொன்னேன். டப்பாவைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றிலும் மேப்பை ஓடவிட்டு, வாட்ஸ்அப் திறந்து, ஆப்பில் எடை தட்டி, கேமராவில் ஒரு படம் எடுத்துத் திரும்பி வந்து பார்த்தேன். முதல் போன் முதல் பக்கத்துக்கே போய்விட்டது.

"இதுலயும் எட்டுன்னு போட்டிருக்கா?"

மச்சினன் அதை ஓரமாகத் தள்ளி வைத்தான். அடுத்தது விட்ட இடத்திலேயே நின்றது, ஆனால் வர யோசித்தது. மூன்றாவது கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. அதில் நிஜ ரேமே எட்டு. இன்னும் சில வருசம் அப்டேட்டும் வரும் என்று எழுதியிருந்ததைக் காட்டினான். அதையும் நம்பவில்லை, ஆனாலும் அதைத்தான் எடுத்தேன். நினைத்ததைவிடக் கூடுதல் விலை. வீட்டில் பேச்சு வாங்கினேன், அது தனிக் கதை.

அடுத்த லோடுக்கு வெள்ளனே, விடிகிற நேரத்துக்கே போய் நின்றேன். தோட்டக்காரியம்மா மூட்டைகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொதல்ல பதிஞ்சு காட்டு. அப்புறம் மூட்ட ஏறும்."

எடை தட்டினேன். கேமரா திறந்தது. எடுத்தேன். தட்டிய எடை அப்படியே நின்றது, பக்கத்தில் மூட்டைகளின் படம். அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஆட்களுக்குக் கை காட்டினார். மூட்டை ஏற ஆரம்பித்தது.

"நல்ல போனாத்தான் இருக்கு. எத்தன வருசம் வரும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் என்ன செய்வார். போனின் மேல்பக்கம் 'புதிய அப்டேட் தயார்' என்று வந்து நின்றது.

"அவனுகளத்தான் கேக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினேன். லோடு இறக்கும் வரைக்கும் அந்த அப்டேட்டைத் தொடவில்லை.