எட்டாயிரம் ரூபாய் டெபாசிட்

கூத்தாநல்லூரில் நான் தையற்கடை போட்டுப் பதினான்கு வருடமாகிறது. வீட்டின் முன்னறைதான் கடை. வருகிறவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிட ஐந்து வயது இளையவள், இரண்டு தெரு தள்ளி இருப்பவள், பிளவுஸ் தைக்க வந்து தோழியானவள். அவளுடைய கணவருக்குத் துபாயில் வேலை. கணவரை மச்சான் என்றுதான் சொல்வாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் என் கடைக்கு வந்து உட்கார்ந்து, நான் வெட்டிப் போடும் துணுக்குகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டே பேசுவாள்.

ஒருநாள் பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் வலீமா விருந்தில் அவள் உடுத்த மச்சான் வாங்கி வந்த லெஹங்கா. அரக்குச் சிவப்புப் பாவாடை, கையால் செய்த ஜரிகை வேலை, விளிம்பு முழுக்கக் கல், சந்தன நிறத்தில் துப்பட்டா. நம் காசுக்கு நாற்பதாயிரம். இரண்டு தடவைதான் உடுத்தியிருக்கிறாள். அதை விற்றுவிட்டுக் கேக் செய்ய ஓவன் வாங்கலாம் என்று போனில் படம் போட்டிருந்தாள். வந்த விலைகளைப் பார்த்து அவளுக்கு மனம் கொதித்துப் போயிருந்தது. அதிகமாகக் கேட்டவரே ஆறாயிரம்தான் கேட்டிருந்தார். இன்னொருத்தர் நாலாயிரம் சொல்லி, துப்பட்டாவும் சேர்த்துத்தானே என்று வேறு கேட்டிருக்கிறார்.

வாடகைக்கு விடலாமே என்று நான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் பட்டுச்சேலையை யாரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். அது பெண்ணுக்கே உரியது, பெட்டியில் இருந்தாக வேண்டும். ஆனால் ரிசப்ஷனுக்கு உடுத்தும் லெஹங்காவும் கவுனும் அப்படியில்லை. மாலை ஆறு மணிக்கு உடுத்தினால் பத்து மணிக்குக் கழற்றிவிடுவார்கள். அதற்காகத் தஞ்சாவூர், கும்பகோணம் வரை போய் வாடகைக்கு எடுத்து வருகிறவர்களை எனக்குத் தெரியும். இடுப்பைப் பிடித்துக்கொடுங்கள் என்று என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

அவள் முகம் சுளித்தாள். "வித்தா கண்ணுக்கு மறைவா போயிடும்க்கா. வாடகைன்னா ஒவ்வொரு தடவையும் அடுத்தவங்க வேர்வையோட எங்கிட்டயே திரும்பி வரும்" என்றாள்.

அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுக் கணக்கு எழுதிக் காட்டினேன். விற்றால் ஒரே தடவை ஆறாயிரம். வாடகைக்கு விட்டால் மூன்று நாளுக்கு மூவாயிரத்து ஐநூறு வாங்கலாம். டிரைகிளீனிங் எழுநூறு, அளவு பிடித்துப் பிரிக்க என் கூலி முந்நூறு. மீதி இரண்டாயிரத்து ஐநூறு. மூன்றாவது வாடகையிலேயே விற்ற காசைத் தாண்டிவிடும், துணியும் கையில் இருக்கும்.

"மொதத் தடவையே கிழிச்சிட்டா?" என்று கேட்டாள்.

அதற்குத்தான் டெபாசிட் என்றேன். அப்படியானால் நாற்பதாயிரம் வாங்குவோம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் நாற்பதாயிரம் வைத்திருக்கிறவள் புதிதே எடுத்துவிடுவாளே, உன்னிடம் ஏன் வருகிறாள் என்றேன். அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் அவளே வந்து பேச்சை எடுத்தாள். வாங்கிய விலை போனது போனதுதான். துணி கெட்டுப்போனால் நமக்கு நஷ்டமாகப் போவது இன்றைக்கு அது என்ன விலைக்குப் போகுமோ அந்தக் காசும், அடுத்த ஒன்றிரண்டு வாடகையும்தான். அப்படிப் பார்த்து டெபாசிட் எட்டாயிரம் என்று முடிவு செய்தோம். பதிவு செய்யும்போது ஆயிரம் கொடுக்க வேண்டும். அது வாடகையில் கழியும், வேண்டாம் என்றால் திரும்பாது. பாவாடையின் உள்தையலில் துணி நிறைய விட்டுத் தைத்திருந்ததால் மெலிந்தவளுக்கும் பருத்தவளுக்கும் என்னால் பொருத்திக் கொடுக்க முடியும்.

முதல் இரண்டு வாடகையும் சிக்கல் இல்லாமல் போயின. ஒன்று எங்கள் ஊரிலேயே ஒரு வலீமா. மற்றொன்று மன்னார்குடியில் ஒரு ரிசப்ஷன். திரும்பி வந்ததும் மேசையில் விரித்து, விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்திலேயே எட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தோம். அவர்கள் காட்டிய கல்யாணப் படங்களில் அந்தப் பெண்களைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் இருந்த அருவருப்பு போய்விட்டது. "எனக்கே இவ்வளவு எடுப்பா இல்லக்கா" என்றாள்.

மூன்றாவதாக வந்தவர்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாயும் மகளும். மகள் திருவாரூரில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை வேலை செய்கிறாள். தாய் வயல் வேலைக்குப் போகிறவர். தை மாதம், சம்பா அறுப்பு முடியாத நேரம். கையில் அரிவாள் வெட்டுக்குக் கட்டுப்போட்டிருந்தார். மகள் லெஹங்காவை உடம்போடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைக்கவே இல்லை. வாடகை மூவாயிரத்து ஐநூறு என்றதும் தாய் தலையாட்டினார். டெபாசிட்டைச் சொன்னதும் தயங்கினார். திரும்பக் கொடுத்துவிடுவோம் என்று நான் விளக்கினேன்.

"திரும்பி வரப்போற காசுதாங்க, புரியுது. ஆனா அந்த மூணு நாளைக்குத்தாங்க எங்களுக்குக் காசே வேணும்" என்றார்.

எட்டாயிரம் என்று எழுதியபோது எங்கள் இருவருக்கும் இது தோன்றவே இல்லை. கல்யாண வாரத்தில் சமையல்காரருக்கு, பந்தல்காரருக்கு, மண்டபத்துக்கு என்று ஒவ்வொருவரும் கை நீட்டும் நேரத்தில் எட்டாயிரம் ரூபாயை எங்கள் பீரோவில் சும்மா பூட்டி வைக்கச் சொல்கிறோம்.

உள்ளே அடுப்படியில் நின்று நானும் அவளும் தாழ்ந்த குரலில் வாதாடினோம். இன்றைக்கு இவர்களுக்குக் குறைத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்றாள் அவள். எல்லாருக்கும் காசு முடங்காது, கேட்பவர்களுக்கு மட்டும் குறைப்போம் என்றேன் நான். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த அம்மா தன் தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்திருந்தார், டெபாசிட்டுக்குப் பதிலாக. என் தோழி பதறிப்போனாள்.

"போடுங்கம்மா அதை. கல்யாணப் பொண்ணோட அம்மா மூளிக் காதோடயா நிப்பாங்க? மூவாயிரம் குடுங்க, போதும்."

நான் கேட்டதைவிடக் குறைத்தே சொல்லிவிட்டாள். அவர்கள் போன பிறகு அரைமணி நேரம் அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கல்யாணம். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் வந்துவிட்டார்கள். மகளின் கழுத்தில் தாலிக்கயிறு மஞ்சள் மாறாமல் இருந்தது. லெஹங்கா செய்தித்தாளில் மடித்துச் சுற்றியிருந்தது. பிரிக்கும்போதே சோப்பு வாசனை வந்தது.

"பாவாடை ஓரத்துல சேறு பட்டிருந்துச்சுங்க. அப்படியே குடுக்க மனசு வரல. நேத்தே ஊறவெச்சு அலசி, காயப்போட்டு இஸ்திரியும் போட்டுட்டேன்" என்றார் தாய், பெருமையாக. இடுப்பிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவையும் எடுத்தார். "கல்லு கொஞ்சம் உதுந்துச்சு. ஒண்ணு விடாம பொறுக்கி வெச்சிருக்கேன்."

சிவப்புச் சாயம் துப்பட்டாவில் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. ஜரிகை கறுத்திருந்தது. இஸ்திரிச் சூட்டில் ஒட்டுக்கற்கள் போன இடத்தில் பசை மட்டும் பளபளத்தது. துவைக்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முதல் இரண்டு பேரும் துவைக்காமலே கொண்டுவந்ததால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. என் தோழி துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் முகத்தைப் பார்த்தே தாய்க்குத் தெரிந்துவிட்டது. உட்காரவில்லை. மூவாயிரத்தைத் திருப்பித் தரவேண்டாம், மிச்சத்தை அறுப்புக்கூலி வந்ததும் கொண்டுவந்து கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகள், நான் சொன்னேனே கேட்டியா என்று தாயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை எனக்கு அந்த நிமிடத்தில் மிகவும் பிடித்துப்போயிற்று.

என் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்டாள். மகள் போனை நீட்டினாள். மேடையில், பிளாஸ்டிக் பூ வளைவுக்கு முன்னால், அரக்குச் சிவப்பில் அந்தப் பெண். பக்கத்தில் மாப்பிள்ளை கேமராவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தோழி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு காலண்டர் தாளை எடுத்துவரச் சொன்னாள்.

"இதை இனி வாடகைக்கு விட முடியாதும்மா. வித்துடறேன். வித்தா ஆறாயிரம்தான்னு ஊரே சொல்லுச்சு. நீங்க வாடகை குடுத்தது மூவாயிரத்து ஐநூறு, டெபாசிட் மூவாயிரம். ஆக ஆறாயிரத்து ஐநூறு. ஐநூறு ரூபா நான்தான் உங்களுக்குத் தரணும்."

தாய்க்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப இது எங்க பொண்ணுக்கேங்களா?" என்று கேட்டார். ஐநூறை வாங்க மறுத்தார். என் தோழி அதை மகளின் கையில் வைத்து மூடினாள். துவைத்தது தவறுதான், துவைக்காதீர்கள் என்று சொல்லாதது எங்கள் தவறு, இரண்டும் சரியாகப் போயிற்று என்றாள். டப்பாவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த பதினைந்து நாளில், தையல் இல்லாத மதியங்களில் அந்தக் கற்களில் துளையுள்ளவற்றை ஊசியால் தைத்தும் மற்றவற்றைப் பசையால் ஒட்டியும் கொடுத்தேன். துப்பட்டாவைச் சிவப்பிலேயே சாயம் முக்கிவிட்டோம். முன்னைக்கு இப்போது அழகு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உடுத்தலாம்.

அன்று அவர்கள் போனபின் அவள் அழுவாள் என்று நினைத்தேன். டீ போடச் சொன்னாள். "பாரம் குறைஞ்ச மாதிரி இருக்குக்கா" என்றாள். வாடகையில் மிஞ்சியதையும் இதையும் சேர்த்துப் பதினோராயிரம் வந்திருந்தது. ஓவன் வாங்கவில்லை. விற்க நினைக்கும் வீடுகளைத் தேடிப்போய் இரண்டு லெஹங்கா வாங்கினாள். முதல் வீட்டில் ஐயாயிரம் என்று தன் வாயாலேயே கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து ஐநூறு கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது எங்களிடம் இருபத்தாறு உடுப்புகள் இருக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இருக்காது, நிக்காஹ் இருக்கும். நோன்பு மாதத்தில் நிக்காஹ் இருக்காது, முகூர்த்தம் இருக்கும். அதனால் வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வெளியே போயிருக்கும். ஒவ்வொரு பையிலும் 'துவைக்க வேண்டாம், அழுக்கோடு கொடுங்கள்' என்று துணியில் எழுதித் தைத்திருக்கிறேன். கல் வேலை அதிகமானதற்கு டெபாசிட் அதிகம், சாதாரண கவுனுக்கு இரண்டாயிரம். காசு முடங்கும் என்று சொல்கிறவர்களுக்குப் பாதிதான், எங்களுக்குத் தெரிந்த யாராவது ஒருவர் உத்தரவாதம் சொன்னால் போதும். இதுவரை யாரும் எங்களை ஏமாற்றவில்லை. ஒரு கவுனின் கொக்கி மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை.

போன ஆடியில் அவளுடைய மச்சான் விடுமுறையில் வந்திருந்தார். ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குக் கிளம்பத் தன் நிக்காஹ் ஷெர்வானியைத் தேடி, அது என் கடையில் விலைச்சீட்டோடு தொங்குவதைப் பார்த்தார். என்னோடதையுமா என்று கேட்டார். அவள் தையல் மெஷினில் கை வைத்துக்கொண்டு, நிமிராமலே, வாடகை ஆயிரத்து ஐநூறு, டெபாசிட் மூவாயிரம் என்றாள். சலுகை ஏதும் உண்டா என்று அவர் என்னைக் கேட்டார். அவளே பதில் சொன்னாள்.

"வீட்டு ஆளுக்கு டெபாசிட் வேணாம். வாடகை மட்டும் குடுத்தா போதும்."

அவர் சிரித்துக்கொண்டே பர்ஸைத் திறந்தார். அவள் எழுந்து, ஷெர்வானியின் தோளில் இருந்த நூலைத் தட்டிவிட்டு, பொத்தானைத் தானே போட்டுவிட்டாள்.