தடிப்பு வந்தது மருந்தாலா, ஸ்வெட்டராலா?

போன வருஷம் கோவையில் என் அம்மா வீட்டில் இருந்தபோது என் மகனுக்கு உடம்பெல்லாம் தடித்தது எதனால்? இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது குடும்பத்தின் தீர்ப்பு ஸ்வெட்டர். குன்னூரில் இருக்கும் என் மாமியார் பின்னிக் கொடுத்தது. வீடியோ காலில் பார்ப்பாரே என்று கோவை வெயிலிலும் அதைப் போட்டுவிட்டிருந்தேன். காய்ச்சலுக்கு ஏதோ மருந்தும் கொடுத்தோம். அதை யாரும் சந்தேகிக்கவில்லை.

இந்த மழையில், குன்னூரில், அவனுக்குக் காதுவலி. டாக்டர் எழுதிய மருந்து, பாட்டிலில் பொடியாக இருந்தது. கொதித்து ஆறிய நீர் ஊற்றிக் கலக்க வேண்டும். கூடவே மடித்த தாள், எறும்பு எழுத்தில் ஆங்கிலம். படித்தவள்தான், ஆனால் இரண்டாவது வரியிலேயே பயந்துவிட்டேன். படமெடுத்து செல்போனில் உள்ள ஏஐ செயலியில் போட்டு, எச்சரிக்கைகளையும் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றையும் எளிய தமிழில் சொல்லும்படி கேட்டேன். மடிப்பில் சில வரிகள் தெரியவில்லை, விரித்து எடுங்கள் என்றது.

தாளின் இரு முனைகளையும் மாமியார் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துல கூட என்னய இத்தனை போட்டோ எடுக்கல கண்ணு."

இப்போது பதில் வந்தது. கலந்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

"குன்னூருக்கு எதுக்கு ஃபிரிட்ஜு? ஜன்னலோரம் வெச்சாப் பத்தாதா?" என்றபடியே மாமியார் ஆறிய நீரை எடுத்தார்.

அடுத்த வரி: இது பெனிசிலின் வகை. இவ்வகை மருந்தால் முன்பு தடிப்போ வீக்கமோ வந்திருந்தால், டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

"ஊத்தாதீங்க அத்தை!"

கோவைக்குப் போன் செய்து, அன்று கொடுத்த மருந்து என்னவென்று அம்மாவிடம் கேட்டேன்.

"ரோஸ் கலர்ல இருந்துச்சு."

"பேரு?"

"நீதான நக்கிப் பாத்த, உனக்குத் தெரியாதா?"

பாட்டிலை எப்போதோ வீசிவிட்டார்களாம். டாக்டரை அழைத்தேன். தடிப்பு எப்போது வந்தது, முகம் வீங்கியதா, மூச்சுத் திணறியதா என்று விசாரித்தார். வீக்கமும் திணறலும் இல்லை என்றேன்.

"காய்ச்சலோட வந்த தடிப்பாவும் இருக்கலாம். பேர் தெரியாம சொல்ல முடியாது. இத ஆரம்பிக்காதீங்க. குழந்தையக் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டு வேற எழுதறேன். நல்லவேளை கேட்டீங்க. அந்தப் பழைய மருந்து பேரையும் தேடிப் பாருங்க."

மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். "என் ஸ்வெட்டர் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

கேட்டேன். டாக்டர் சிரித்தார். "அதுவாவும் இருக்கலாங்க."

மாற்று மருந்தில் காதுவலி தணிந்தது. பழைய மருந்தின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. கோவை கிளினிக்கிலும் தெரியாது என்கிறார்கள். இரண்டு ஊர், இரண்டு டாக்டர், மருந்து கொடுக்க இத்தனை கைகள் உள்ள குழந்தைக்கு, எப்போது எதைக் கொடுத்தோம் என்பதை நீங்கள் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? என் அம்மாவும் செய்யக்கூடிய வழியாக இருந்தால் சொல்லுங்கள்.