லேப் மேரி என்ற பெயர்

அருள்மேரிக்கு முப்பத்தொரு வயது. செம்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். துணை தேடும் செயலியில் அவர் வைத்திருந்த பெயர் ‘செம்பாக்கம் லேப் மேரி’. தெரிந்தவர்கள் எல்லாரும் அவரை லேப் மேரி என்றுதான் கூப்பிடுவார்கள்.

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை 9.20 மணிக்கு ஒருவன் வரவேற்பு மேசைக்கு வந்து, “லேப் மேரி இருக்காங்களா?” என்று கேட்டான். செயலியில் மூன்று நாள் பேசியபின் அருள்மேரி பிளாக் செய்த ஆள் அவன்.

உடன் வேலை செய்யும் ஹேமாவதி, “அப்படி யாரும் இல்ல சார்,” என்றார். அவன் பத்து மணி வரை எதிர்க் கடையில் நின்றிருந்தான். அதுவரை அருள்மேரி உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

மதியம் அருள்மேரியும் ஹேமாவதியும் செயலியில் இருந்த அந்தக் கணக்கையே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். பழைய கணக்கில் இருந்த, வேலைச் சீருடையில் எடுத்த படத்தையும் இந்த முறை போடவில்லை.

“ஏரிக்கரைக் குயில்னு வெச்சுக்கோயேன்,” என்றார் ஹேமாவதி.

“ஏரின்னா நம்ம ஏரியாதான்னு தெரிஞ்சிடும் அக்கா.”

“அப்போ ஊசி ராணி?”

“வேலையையும் சொல்லி, வர்றவனையும் ஓட விடறீங்களே.”

இன்ஸ்டாகிராமில் உள்ள பெயரும் வேண்டாம் என்றார் அருள்மேரி. தேடினால் ஆள் சிக்கிவிடும். கடைசியில் ‘பஜ்ஜி பிரியை’ என்று வைத்தார்கள்.

மாலையில் ஒருவரிடமிருந்து முதல் செய்தி வந்தது: “பஜ்ஜி எங்க நல்லா இருக்கும்?”

வேலை முடிந்து தினமும் சாப்பிடும் கடையின் பெயரை அருள்மேரி தட்டினார். அனுப்பும் முன் விரல் நின்றது. அதை அழித்துவிட்டு, “சூடா இருந்தா எங்கேயும் நல்லா இருக்கும்,” என்று எழுதினார்.

அன்று அவர் ஹேமாவதியின் வண்டியில்தான் வீட்டுக்குப் போனார்.